கைவினைப் பொருளுக்கு விலை வைத்தல்

கைவினைப் பொருளுக்கு விலை வைத்தல் என்பது மூலப்பொருட் செலவு, உழைத்த நேரம், இலாபம் ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பதாகும். வீட்டிலிருந்து விற்பவர்களுக்காக இதை விளக்கும் காணொளிக்கு ஒரே ஒரு பொருள் போதும். மேசையில் கடை பில்லும் ஓடும் கடிகாரமும் தெரிந்தால் கணக்கு தானே புரிந்துவிடும்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, டர்ஹம் பிராந்தியத்திலுள்ள பிக்கரிங்கில் ஒருவர் சாமத்திய வீட்டுக்குக் கொடுக்கும் சுருக்குப் பைகள் 10 தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துணி, உள்துணி, கயிறு, மணி எல்லாம் 47 டொலர். ஒன்ராறியோவின் 13 சதவீத விற்பனை வரியுடன் அது 53.11 ஆகும். தொடர்ச்சியான 4 காலாண்டுகளில் 30,000 டொலருக்கு மேல் விற்காத சிறு விற்பனையாளர் இவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதியாதவருக்குக் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது என்பதால் அதுவும் செலவுதான். ஒரு பை வெட்டில் பிழைத்துப்போனால், செலவை 9 பைகள்தான் சுமக்கும். ஆகவே ஒன்றுக்கு 5.90.

பலர் சறுக்குவது நேரத்தில். தைத்த 3 மணி நேரத்தை எழுதுவார்கள். வெட்டிய 40 நிமிடம், மணி கோர்த்த 50 நிமிடம், படம் எடுத்து வாடிக்கையாளருக்குப் பதில் போட்ட 30 நிமிடம் விடுபடும். மொத்தம் 5 மணி நேரம். முதல் பை எப்போதும் மெதுவாகவே வரும் என்பதால் அதை மட்டும் அளந்து முடிவு செய்யக்கூடாது. சொந்தத் தொழில் செய்பவரைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த 17.60 டொலர் நல்ல அளவுகோல். அதன்படி 88 டொலர், ஒரு பைக்கு 9.78. ஊசி, மின்சாரம், மெஷின் பழுதுக்கு 50 சதம் சேர்த்தால் அடக்கவிலை 16.18.

இலாபத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. 16.18இன் மேல் 20 சதவீதம் கூட்டினால் 19.42 வரும், அதில் இலாபம் விலையின் 17 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவுதான். விலையில் 20 சதவீதம் மிஞ்ச வேண்டுமென்றால் 16.18ஐ 0.80ஆல் வகுக்க வேண்டும்: 20.22. இணையச் சந்தை விலையில் 10 சதவீதம் எடுத்துக்கொண்டால் 0.70ஆல் வகுக்க வேண்டும், விலை 23.11 ஆகும்.

கணக்கு தப்பியிருப்பதற்கு ஓர் அடையாளம்: ஓடர்கள் கூடும், அடுத்த துணியை மட்டும் வீட்டுக் காசில் வாங்க நேரும். 20 டொலருக்கு ஆள் வராவிட்டால் கூலியைக் குறைப்பது பிழை. வேலையைத்தான் குறைக்க வேண்டும். மணி கோர்ப்பதை விட்டாலே, மணியின் விலையைக் கணக்கில் எடுக்காமல், கூலியில் பைக்கு 1.63 மிஞ்சும். நேரில் விற்கும் விலை 18.19க்கு இறங்கும்.