சமூக நீரிழிவுச் சோதனை

சமூக நீரிழிவுச் சோதனை என்பது, நோய் அறிகுறிகள் எவையும் தோன்றாதவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு நோய் மறைந்துள்ளதா என்பதை ஊர் அல்லது பகுதி அளவில் தேடிக் கண்டறியும் முயற்சியாகும். வெறும் வயிற்றுக் குருதிச் சர்க்கரை, வாய்வழிக் குளுக்கோசு தாங்குதிறன், சர்க்கரையேறிய ஈமோகுளோபின் ஆகிய மூன்று சோதனைகள் இதற்குப் பயன்படுகின்றன. மூன்றும் ஒரே நோயை அறிவதற்கானவை. ஆயினும் அவை எப்பொழுதும் ஒரே ஆட்களைச் சுட்டுவதில்லை. ஒரு முகாம் எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுக்கின்றது என்பதைப் பொறுத்து, நோயாளி என அறியப்படுபவரும் விடுபட்டுப் போகின்றவரும் மாறுகின்றனர்.

## வரம்பு மதிப்புகள்

கீழுள்ள சர்க்கரை மதிப்புகள் சிரைக் குருதியின் பிளாசுமாவுக்கு உரியவை. அலகு: மில்லிகிராம்/டெசிலீட்டர்.

| சோதனை | இடைநிலை | நீரிழிவு |
|---|---|---|
| வெறும் வயிற்றில் | 110–125 | 126 அல்லது மேல் |
| குளுக்கோசு அருந்தி 2 மணி நேரத்தின் பின் | 140–199 | 200 அல்லது மேல் |
| சர்க்கரையேறிய ஈமோகுளோபின் | 5.7–6.4% | 6.5% அல்லது மேல் |

வெறும் வயிற்று இடைநிலையின் கீழ் எல்லையை உலக சுகாதார அமைப்பு 110 என்று கொள்கின்றது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003 ஆம் ஆண்டில் அதனை 100 ஆகக் குறைத்தது. ஈமோகுளோபினுக்கான இடைநிலை வரையறையும் அச்சங்கத்தினுடையதே.

நீரிழிவுக்கான வரம்புகள் பெரும்பாலும் விழித்திரைப் பாதிப்பை அடிப்படையாகக் கொண்டவை. குறிப்பிட்ட ஒரு மதிப்புக்கு மேல், நீரிழிவுக்கே உரிய விழித்திரைச் சேதம் தெளிவாகக் கூடுவது பல மக்கள்தொகை ஆய்வுகளில் காணப்பட்டது. 1997 வரை வெறும் வயிற்று வரம்பு 140 ஆக இருந்தது. ஈமோகுளோபின் சோதனையை நோயறிதலுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010 இலும், உலக சுகாதார அமைப்பு 2011 இலும் ஏற்றுக்கொண்டன.

## சோதனை முறைகள்

வெறும் வயிற்றுச் சோதனைக்கு குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொண்டிருத்தல் கூடாது. இது எளிதானது, செலவு குறைந்தது.

குளுக்கோசு தாங்குதிறன் சோதனையில் முதலில் வெறும் வயிற்றுக் குருதி எடுக்கப்படும். பின்னர் 75 கிராம் நீரற்ற குளுக்கோசை 250 முதல் 300 மில்லிலீட்டர் நீரில் கரைத்து, 5 நிமிடங்களுக்குள் அருந்தச் செய்வர். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் குருதி எடுக்கப்படும். இடைப்பட்ட நேரத்தில் சோதிக்கப்படுபவர் அமர்ந்திருத்தல் வேண்டும். நடத்தலோ புகைத்தலோ கூடாது. கரைசலை வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய முடிவு செல்லாது.

சர்க்கரையேறிய ஈமோகுளோபின் ஆய்வுக்கூட அறிக்கைகளில் எச்பிஏ1சி எனக் குறிக்கப்படுகின்றது. சிவப்பணுக்களிலுள்ள ஈமோகுளோபினுடன் குளுக்கோசு தானாகவே பிணைவதால் இது உண்டாகின்றது. ஏறத்தாழ முந்தைய இரண்டு, மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை இது காட்டுகின்றது. பட்டினி தேவையில்லை என்பது முகாம்களுக்கு வசதி. விலை கூடுதல் என்பது குறை.

## முடிவுகள் வேறுபடக் காரணம்

இரவு முழுதும் உணவின்றி இருக்கும்போது குருதிச் சர்க்கரையைப் பெருமளவு தீர்மானிப்பது கல்லீரல் வெளியிடும் குளுக்கோசாகும். குளுக்கோசு அருந்திய பின்னரோ, இன்சுலின் உடனடியாகச் சுரக்கின்றதா, தசைகள் சர்க்கரையை உள்வாங்குகின்றனவா என்பவை முதன்மை பெறுகின்றன. இவற்றுள் ஒன்று பழுதுபட்டு மற்றொன்று நன்றாக இருக்கக்கூடும். எனவே காலையில் இயல்பாகவும், உணவின் பின் மிகையாகவும் சர்க்கரை உள்ளவர்கள் உண்டு.

இவ்வேறுபாட்டின் அளவை 1998 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வுத் தொகுப்பான டிகோடு காட்டியது. அதில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழ 40% பேர் வெறும் வயிற்று வரம்பை மட்டும் தாண்டினர். 31% பேர் இரண்டு மணி நேர வரம்பை மட்டும் தாண்டினர். இரண்டையும் தாண்டியவர்கள் 28% மட்டுமே. வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் செய்திருந்தால் பத்துப் பேரில் மூவர் விடுபட்டிருப்பர்.

ஈமோகுளோபின் சோதனை சிவப்பணுவின் ஆயுளையும் சார்ந்தது. இரும்புக் குறைபாட்டுச் சோகையில் மதிப்பு பொய்யாக உயரக்கூடும். குருதியழிவு, அண்மைய குருதி இழப்பு, குருதி ஏற்றம் ஆகியவற்றில் பொய்யாகக் குறையும். தமிழ்நாட்டில் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாளணு மரபு இருப்பது 1952 இலேயே அறியப்பட்டது. அத்தகைய இடங்களில் ஈமோகுளோபினை மட்டும் நம்புவது தகாது.

## எடுத்துக்காட்டு

அறிகுறிகள் அற்ற 48 அகவைப் பெண் ஒருவருக்குப் பின்வரும் முடிவுகள் வந்தனவெனக் கொள்வோம்: வெறும் வயிற்றில் 112, இரண்டு மணி நேரத்தில் 214, ஈமோகுளோபின் 6.2%. முதலாவதும் மூன்றாவதும் அவரை இடைநிலையில் வைக்கின்றன. இரண்டாவது மட்டுமே நீரிழிவு என்கின்றது.

அறிகுறி இல்லாதவரிடத்து ஒரேயொரு மிகை முடிவைக் கொண்டு நோயை உறுதி செய்வதில்லை. முடிவுகள் முரண்படும்போது, வரம்பைத் தாண்டிய சோதனையையே வேறொரு நாளில் மீண்டும் செய்தல் வேண்டும். மறுமுறை இரண்டு மணி நேர மதிப்பு 206 எனில், மற்ற இரண்டும் எவ்வாறிருப்பினும் அவருக்கு நீரிழிவு உறுதியாகின்றது. 190 எனில் தாங்குதிறன் குறைபாடு எனக் கொண்டு, சில மாதங்களில் மறுபடி சோதிக்கப்படுவார். இரண்டு மணி நேர மதிப்பு வெறும் வயிற்று மதிப்பைவிட நாளுக்கு நாள் கூடுதலாக மாறுவதால் இந்த மறுசோதனை இன்றியமையாதது.

## முகாம்களில் நேரும் பிழைகள்

குழாயில் எடுத்த பின்னரும் குருதியணுக்கள் குளுக்கோசைத் தொடர்ந்து உட்கொள்கின்றன. அறை வெப்பநிலையில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7% குறைகின்றது. உண்மையில் 130 ஆக இருந்த மாதிரி, பிளாசுமா பிரிக்கப்படாமல் இரண்டு மணி நேரம் வாகனத்தில் பயணித்தால் ஏறத்தாழ 115 என அளக்கப்படும். நீரிழிவாளர் ஒருவர் இடைநிலைக்கு மாறிவிடுகின்றார். சாம்பல் நிற மூடிக் குழாயிலுள்ள சோடியம் புளோரைடு முழுப் பயன் தர ஓரிரு மணி நேரம் ஆகின்றது. எனவே மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, 30 நிமிடங்களுக்குள் பிளாசுமாவைப் பிரித்தல் நன்று. குருதி எடுத்த நேரத்தையும் பிரித்த நேரத்தையும் பதிந்து வைத்தால் இப்பிழையைக் கண்டுகொள்ளலாம். தொலைவிலுள்ள ஊர்களின் மதிப்புகள் மட்டும் தொடர்ந்து குறைவாக வருவது இதன் அடையாளமாகும்.

விரல்நுனிக் குருதியை அளக்கும் கையடக்கக் கருவி முதற்கட்டத் தேடலுக்கே உரியது. 2013 ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சீர்தரம், 100 க்கு மேற்பட்ட மதிப்புகளில் 15% வரையிலான விலகலை ஏற்கின்றது. அதாவது 126 என்பது 107 முதல் 145 வரை எதுவாகவும் காட்டப்படலாம். மேலும், குளுக்கோசு அருந்திய பின் விரல்நுனிக் குருதியில் சர்க்கரை சிரைக் குருதியைவிடக் கூடுதலாக இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு, விரல்நுனிக் குருதிக்கு இரண்டு மணி நேர வரம்பை 220 எனக் கொண்டது இதனாலேயே.

ஈமோகுளோபினும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பெரிதும் முரண்பட்டால் சோகையை ஐயுறுதல் வேண்டும். வெறும் வயிற்றில் 160 இருந்தும் ஈமோகுளோபின் 5.4% எனில், சிவப்பணுக்கள் விரைவில் அழிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்நிலையில் நோயறிதலுக்குக் குளுக்கோசு அளவீடுகளே பயன்படுத்தப்படும்.

## இவற்றையும் பார்க்க

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* ஈமோகுளோபின்
* அரிவாளணுச் சோகை