புனேயின் நீர்த்தாங்கிகள்: கிணறும் போர்வெல்லும்

நிலத்தடியில் நீரைத் தேக்கி வைத்து, தோண்டினால் தரக்கூடிய பாறை அல்லது மண் அடுக்குக்கு நீர்த்தாங்கி என்று பெயர். அதில் திறந்தது, அடைபட்டது என இரு வகை உண்டு. புனே நகரின் வெட்டுக் கிணறு முதல் வகையையும், ஆழமான போர்வெல் பெரும்பாலும் இரண்டாம் வகையையும் எட்டுகிறது.

இரண்டுக்கும் காரணம் புனேயின் பாறைதான். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் வழிந்து, அடுக்கடுக்காக உறைந்து தக்காணப் பசால்ட் ஆனது. பல அடுக்குகளின் மேற்பகுதியில் வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற துளைகள் உண்டு. அவற்றில் பல பின்னாளில் கனிமங்களால் நிரம்பிவிட்டன. ஆகவே நீர் ஓடுவது பெரிதும் விரிசல்கள் வழியாகத்தான். விரிசல் நிறைந்த அடுக்குக்கு மேல் இறுகிய பாறை மூடிபோல் அமர்ந்திருந்தால், கீழுள்ள நீர் அழுத்தத்தில் சிக்கிக்கொள்கிறது.

பேஷ்வா காலத்து வாடா மாளிகைகளில் கிணறுகள் இருந்தன. அவற்றோடு, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகேப் பேஷ்வா காத்ரஜ் ஏரியிலிருந்து கட்டுவித்த நிலத்தடிக் கால்வாயும் நகரின் தொட்டிகளுக்கு நீர் கொண்டுவந்தது. 1879-இல் கடக்வாஸ்லா அணை முடிந்தபின் குழாய் நீர் பரவியது.

1972-ஆம் ஆண்டு வறட்சிதான் மகாராஷ்டிராவின் நிலத்தடி நீர் வரலாற்றைத் திருப்பியது. கிணறுகள் வற்றிய ஊர்களுக்குக் காற்றழுத்தச் சுத்தியல் பொருத்திய துளையிடும் வண்டிகள் வந்தன. ஆட்கள் வெடிவைத்து மாதக்கணக்கில் வெட்டும் ஆழத்தை அந்த வண்டி ஒரே நாளில் தாண்டியது. மாநில நிலத்தடி நீர் ஆய்வு முகமை உருவானதும் அந்த ஆண்டுகளில்தான். பிற்பாடு இத்தொழில் இந்தியா முழுக்கப் பரவியதில், திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

துளையிடும்போது கவனித்தால் இரு வகையின் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முதலில் குழியிலிருந்து வறண்ட சாம்பல்நிறத் தூள் பறக்கும். பிறகு தூள் ஈரமாகி, சேறாகி, நீர் பீறிடும். அது 50 மீட்டரில் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரம் கழித்துக் கயிற்றில் எடை கட்டி இறக்கினால், நீர்மட்டம் 15 மீட்டரில் நிற்கக்கூடும். நீரை 35 மீட்டர் மேலே தள்ளியது அழுத்தம். மேலடுக்கின் நீர் உள்ளே வழியவில்லை என்றால், இது அடைபட்ட நீர்த்தாங்கி. வெட்டுக் கிணற்றிலோ ஊற்று கசியத் தொடங்கிய மட்டத்தை ஒட்டியே நீர் நிற்கும். அங்கே நீர்ப்பரப்பின் மீது இருப்பது வெறும் காற்றழுத்தம்தான்.

இப்படிப் பீறிடும் நீரைப் பார்த்து அடியில் கடலே இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். கணக்கு வேறு. ஒரு ஹெக்டேர் பரப்பில் திறந்த நீர்த்தாங்கியின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், விரிசல்களே காலியாகி நீர் தருகின்றன. பாறையின் கன அளவில் 2 சதவீதம் என்று கொண்டால் 2 லட்சம் லிட்டர். அடைபட்டதில் விரிசல்கள் காலியாவதில்லை, அழுத்தம்தான் தளர்கிறது. தேக்கக் குணகம் 0.0001 எனில், அதே ஒரு மீட்டருக்குக் கிடைப்பது 1,000 லிட்டர் மட்டுமே. அதனால்தான் போர்வெல்லில் மட்டம் விறுவிறுவென்று இறங்குகிறது. மழை பெய்தாலும் மெதுவாகவே ஏறுகிறது. மூடிப்பாறை இல்லாத தொலைவிடத்திலிருந்தோ, பாறை வெடிப்புகள் வழியாகவோதான் நீர் வந்து சேர வேண்டும்.

தக்காணத்தின் ஆழ் அடுக்குகள் உண்மையில் எந்த அளவுக்கு அடைபட்டவை என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பலவற்றை அரைகுறையாக அடைபட்டவை, கசிபவை என்றே கொள்கிறார்கள். அடுக்குகளுக்கு இடையிலுள்ள சிவப்பு மண்படலம் எல்லா இடத்திலும் நீரைத் தடுக்கிறதா என்பதும் விவாதத்துக்குரியது.

போர்வெல்லே அந்தத் தடையை உடைப்பதும் உண்டு. மேலுள்ள தளர்ந்த பாறை வரை மட்டும் கேசிங் குழாய் இறக்கி, கீழே வெறும் துளையாக விடுவதே வழக்கம். கேசிங்குக்குக் கீழே துளை ஊடுருவும் மேலடுக்கின் விரிசல்களிலிருந்து நீர் அதன் வழியே ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. குழாய் வாயில் காதை வைத்தால் நீர் விழும் ஓசை கேட்கும். பக்கத்துக் கிணற்றின் நீரும் இப்படி வடிந்துபோகக்கூடும்.

மகாராஷ்டிராவின் 2009-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் 60 மீட்டருக்கு மேற்பட்டதை ஆழ்கிணறு என வரையறுத்துக் கட்டுப்படுத்துகிறது. புனேயில் இயங்கும் ‘அக்வாடம்’ என்ற ஆய்வு நிறுவனம் நகரின் நீர்த்தாங்கிகளை வரைபடமாக்கும் பணியில் ஈடுபட்டது.