மறைந்து நிற்கும் ஆர்டர்: பங்குச் சந்தையில் ஐஸ்பெர்க் முறையின் சரித்திரம்

ஒரு பரஸ்பர நிதி ஸ்தாபனம் ஏதேனும் ஒரு கம்பெனியின் பங்குகளில் ஒரு லட்சத்தை வாங்க உத்தேசித்தால், அதற்கு முதற்கண் நேரும் கஷ்டம் பணத்தைப் பற்றியதன்று. தான் வாங்கப் போகும் செய்தி, வாங்கி முடிப்பதற்கு முன்னரே பிறர் காதுக்கு எட்டிவிடுமே என்பதுதான். நூறு பங்கு வாங்குபவனை யாரும் பொருட்படுத்துவதில்லை. லட்சம் பங்கு வாங்குபவனோ, தன் தேவையைச் சொன்ன அந்த நிமிஷத்திலேயே தனக்கு விரோதமாக விலையை ஏற்றிக்கொள்கிறான். இந்தச் சங்கடத்துக்குச் சந்தைகள் கண்ட பரிகாரங்களுள், ஆர்டரின் ஒரு சிறு பகுதியை மட்டும் திரையில் காட்டி, எஞ்சியதைச் சந்தையின் யந்திரமே தன்னுள் மறைத்து வைத்திருக்கும் ஐஸ்பெர்க் முறை, தான் கடந்து வந்த மாறுதல்களால் தனியே ஆராயத் தக்கது.

கம்ப்யூட்டர் திரைகள் வருவதற்கு முன்பு இந்த மறைப்பு மனிதரிடம் இருந்தது. நியூயார்க் பங்குச் சந்தையின் களத்தில் நின்ற தரகரிடம் பெரிய வாடிக்கையாளர் தம் முழுத் தேவையையும் சொல்லி, எப்பொழுது எவ்வளவு வாங்குவது என்பதை அவருடைய விவேகத்துக்கே விட்டுவிடுவார். தரகரும் கூட்டத்தில் விற்பவர்களின் முகத்தைப் பார்த்து, சிறிது சிறிதாகக் கேட்டு, இடையிடையே சும்மா நின்று, வேண்டியதைச் சேர்ப்பார். பாரிஸில் பிரோன்யார் மாளிகையில் கூவி வியாபாரம் செய்த தரகர்களுக்கும் இந்த வித்தை தெரியாததன்று. ஆனால் இதில் ஒரு பெருங்குறை உண்டு: ரகசியம் ஒரு மனிதரின் நாணயத்தைப் பொறுத்தது. தம் வாடிக்கையாளரின் ஆர்டரைத் தெரிந்துகொண்டு அதற்கு முன்பாகத் தமக்கே வாங்கிக்கொள்ளும் தரகரைப் பற்றிய புகார் எல்லா நாட்டுச் சந்தைகளிலும் எழுந்திருக்கிறது.

1977-ஆம் ஆண்டு டொராண்டோ பங்குச் சந்தை, காட்ஸ் என்னும் கம்ப்யூட்டர் அமைப்பைக் கொண்டுவந்தபோது, விற்க வாங்க விரும்புவோரின் ஆர்டர்கள் விலை வரிசையிலும், ஒரே விலையில் கால வரிசையிலும் ஒரு மின்னணுப் புத்தகத்தில் நிற்கலாயின. பாரிஸ் சந்தை 1986-இல் இந்த அமைப்பைத் தழுவித் தன் தொடர் வியாபாரத்தைத் தொடங்கியது. இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தை 1994 நவம்பரில் பங்கு வியாபாரத்தை ஆரம்பித்து, செயற்கைக்கோள் வழியாகத் தன் திரையைப் பல ஊர்த் தரகர் அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றது. கூட்டத்தின் கூக்குரலில் யாருக்கும் முழுதும் புலப்படாமல் இருந்த ஒன்று இப்பொழுது எழுத்தில் நின்றது: எந்த விலைக்கு எத்தனை பங்கு கேட்கப்படுகிறது என்பதை வாங்குபவரின் பெயர் தெரியாவிடினும் யாவரும் பிரத்தியட்சமாகப் பார்க்கலாம். சிறு முதலீட்டாளருக்கு இது வரப்பிரசாதம். பெரிய முதலீட்டாளருக்கோ தரகரின் மௌனம் பறிபோய்விட்டது. அந்த மௌனத்தை யந்திர விதியாக மாற்றித் திரும்பக் கொடுத்ததே ஐஸ்பெர்க் ஆர்டர். நம் சந்தையில் இதனைப் புரோக்கர்கள் ‘டிஸ்க்ளோஸ்டு குவான்டிட்டி’ என்றும், சுருக்கமாக ‘டி.க்யூ.’ என்றும் வழங்குகிறார்கள். பங்குப் பிரிவில் வெளிக்காட்டும் அளவு மொத்த ஆர்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்பது விதி.

முழு அளவையும் காட்டினால் விலை ஏன் ஏறுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘தேவை கூடினால் விலை கூடும்’ என்னும் பொது வாக்கியம் இதற்குப் போதாது. ஒருவர் 499 ரூபாய் 50 காசுக்கு ஒரு லட்சம் பங்கு கேட்டுப் புத்தகத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைக் கண்ட ஒரு சாமர்த்தியசாலி, ஐந்து காசு கூட்டி 499.55-க்குத் தம் ஆர்டரை முன்னே வைத்து வாங்குகிறார். விலை ஏறினால் லாபம் முழுதும் அவருடையது. இறங்கத் தொடங்கினாலோ, பின்னால் லட்சம் பங்குக்கு ஆள் நிற்கிறாரே, அவரிடமே 499.50-க்கு விற்றுவிட்டு ஐந்து காசு நஷ்டத்தோடு தப்பிவிடலாம். பெரிய ஆர்டர் அவருக்கு இலவசமாகக் கிடைத்த காப்பீடு. இதில் யாருடைய ரகசியமும் திருடப்படவில்லை. ஆகையால் சட்டத்தில் குற்றம் காண்பதும் அரிது. இவ்வாறு பலர் முன்னே வந்து நிற்க, விற்பவர்களும் ‘இன்னும் பொறுத்தால் கூடுதல் கிடைக்கும்’ என்று கையைப் பின்வாங்க, லட்சம் பங்கு கேட்டவர் தம் விலையைத் தாமே உயர்த்த நிர்ப்பந்திக்கப்படுகிறார்.

இனி, அதே மனிதர் ஒரு லட்சத்தில் பத்தாயிரத்தை மட்டும் காட்டுவதாகக் கொண்டு, என்ன நடக்கிறது என்று தொடர்வோம். அவருக்கு முன்பே அந்த விலையில் வேறொருவருடைய 4,000 பங்கு ஆர்டர் நிற்கிறது. ஆக, திரையில் தெரிவது 14,000. ஒருவர் 9,000 பங்கு விற்கிறார். முன்னால் நின்றவருக்கு 4,000-மும், நம்மவருக்கு 5,000-மும் கிடைக்கின்றன. இப்பொழுது மூன்றாமவர் ஒருவர் 6,000 பங்கு கேட்டு அதே விலையில் நம்மவருக்குப் பின்னால் வந்து நிற்க, திரை 11,000 என்று காட்டுகிறது. அடுத்து 7,000 விற்பனைக்கு வருகிறது. நம்மவரின் வெளிப்பட்ட பகுதியில் எஞ்சிய 5,000 முதலில் நிறைவேறும். மிச்சம் 2,000 அவருக்குச் சேராது, மூன்றாமவருக்கே போகும். ஏனெனில், மறைவிலிருந்து வெளிவரும் அடுத்த பத்தாயிரம் புதிய ஆர்டரைப்போலவே கருதப்பட்டு, அந்த விலையின் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

இந்த ஒரு விதியில்தான் இம்முறையின் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. மறைக்கும் உரிமை இனாமாகக் கொடுக்கப்படவில்லை. காட்டி நிற்பவனுக்குக் காலத்தால் வரும் முதன்மை உண்டு. மறைந்து நிற்பவன் அந்த முதன்மையை ஒவ்வொரு தவணையிலும் இழக்கிறான். நம் உதாரணத்தில் அவர் முழுவதையும் காட்டியிருந்தால் அந்த 2,000 பங்கும் அவருடையதாகியிருக்கும். பாரிஸ் சந்தையின் ஆர்டர்களை ஆராய்ந்து பெசெம்பைண்டர், பனயிடெஸ், குமார் வெங்கட்ராமன் ஆகிய மூவரும் 2009-இல் வெளியிட்ட கட்டுரை இதையே தரவுகளால் காட்டிற்று: மறைத்து வைத்த ஆர்டர் முழுமையாக நிறைவேறும் வாய்ப்புக் குறைவு, நிறைவேற எடுக்கும் காலமும் அதிகம், ஆனால் வாங்குவதற்கு ஆகும் செலவோ குறைவு. அவசரமில்லாதவனுக்கே இது அனுகூலம் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

மறைப்பைத் தடுத்துவிட்டால் எல்லோரும் வெளிப்படையாக வந்து நிற்பார்களே என்று கேட்கலாம். இக்கேள்வியை டொராண்டோ சந்தை தன் அநுபவத்தாலேயே சோதித்துப் பார்த்தது எனலாம். மறைவு ஆர்டர்களை அது 1996-இல் நீக்கியது. 2002-இல் மீண்டும் அநுமதித்தது. இவ்விரண்டு சந்தர்ப்பங்களையும் ஒப்புநோக்கிய அம்பர் ஆனந்த், டேனியல் வீவர் என்னும் ஆராய்ச்சியாளர்கள், நீக்கியபோதும் சரி, மீட்டபோதும் சரி, திரையில் தெரிந்த அளவு மாறவில்லை என்று கண்டார்கள். மறைக்க முடியாதபோது பெரியவர்கள் தம் ஆர்டரை வெளியே வைக்கவில்லை. வரிசையில் நிற்பதையே விட்டு, கிடைக்கும் விலைக்கு மார்க்கெட் ஆர்டர் போடுவதற்குத் திரும்பினார்கள் என்பது அவர்களுடைய அநுமானம். மறைவு அநுமதிக்கப்பட்ட பின்போ, தெரிவதும் மறைந்ததும் சேர்ந்த மொத்த அளவு கூடிற்று. நிர்ப்பந்தத்தினால் வெளிப்படைத் தன்மையை உண்டாக்கிவிடலாம் என்று நம்புவோர் இந்த முடிவைத் தவறாமல் படிக்க வேண்டும்.

ஆயினும் மறைவு என்பது பூரணமானதன்று. நம் உதாரணத்துக்கே திரும்புவோம். திரையில் 11,000 இருந்தது; 7,000 விற்பனையாயிற்று; 4,000 எஞ்ச வேண்டிய இடத்தில் 14,000 தெரிகிறது. ஒரு முறையானால், புதிதாக யாரோ வந்தார் என்று கருதலாம். அதே விலையில், அதே பத்தாயிரம், விற்பனை நடந்த அந்தக் கணத்திலேயே மீண்டும் மீண்டும் முளைக்குமாயின், கூர்ந்து கவனிப்பவர் விஷயத்தை ஊகித்துவிடுவார். இதனினும் உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. இந்த நிலையில் ஒருவர் 30,000 பங்கை ஒரே வீச்சில் விற்கிறார் என்று கொள்வோம். மூன்றாமவருக்கு எஞ்சிய 4,000 போக, நம்மவரின் பத்தாயிரம், அடுத்த பத்தாயிரம், அதற்கடுத்ததில் 6,000 என்று முழு 30,000-மும் 499.50-க்கே நிறைவேறிவிடும். தெரிந்ததோ 14,000, விற்றதோ 30,000, விலையோ அசையவில்லை. இதற்குமேல் சாட்சி வேண்டுவதில்லை. இவ்வகைக் கண்டுபிடிப்பைக் கடினமாக்கவே, சில சந்தைகள் ஒவ்வொரு தவணையின் அளவையும் ஏறக்குறைய மாற்றி வெளியிட வழிசெய்திருக்கின்றன.

கண்டுபிடிக்கப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஜெர்மனியின் எக்ஸட்ரா சந்தையில் ஃபிரை, சாண்டோஸ் இருவரும் நடத்திய ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது. மறைந்து நிற்பவர் இருப்பதை உணர்ந்ததும், எதிர்ப்புறத்தில் அதுவரை வெளிவராமல் இருந்த பெரிய விற்பனையாளர்கள் துணிந்து வந்து விற்கத் தொடங்குகிறார்கள் என்றும், ஆர்டரில் எவ்வளவு அதிக பாகம் நிறைவேறுகிறதோ அவ்வளவுக்கு விலையின் மேல் அதன் பாதிப்புக் குறைகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். ஓரளவு தெரிவதும் ஓரளவு மறைவதும் சேர்ந்து, இரு பெரியவர்களைச் சந்திக்க வைக்கின்றன. முற்றிலும் ஒளித்து வைத்த ஆர்டருக்கு இந்த நன்மை கிட்டாது.

அண்மைக் காலத்தில் இந்த வித்தையில் ஒரு பகுதி சந்தையின் யந்திரத்தை விட்டுப் புரோக்கரின் கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்திருக்கிறது. பெரிய ஆர்டரைப் புரோக்கரின் மென்பொருளே துண்டுகளாக நறுக்கி, ஒன்று நிறைவேறியதும் அடுத்ததை அனுப்புகிறது. எஞ்சிய அளவு சந்தையின் கணக்கில்கூட இராது. பத்தில் ஒரு பங்கு காட்ட வேண்டும் என்ற விதியும் இங்கே கட்டுப்படுத்தாது. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. 30,000 பங்கு ஒரே வீச்சில் விற்கப்பட்ட அந்தக் கணத்தில், சந்தையே வைத்திருந்த மறைவு ஆர்டர் 26,000 பங்கைப் பெற்றது. புரோக்கர் நறுக்கி அனுப்பும் ஆர்டராக இருந்திருந்தால், வரிசையில் நின்ற ஒரு துண்டு 10,000 மட்டுமே நிறைவேறியிருக்கும். ‘நிறைவேறிற்று’ என்ற செய்தி புரோக்கருக்குப் போய், அடுத்த துண்டு புறப்பட்டு வந்து சேர்வதற்குள், மீதி 16,000 பங்கும் 499.50-ஐத் தாண்டிக் கீழ்விலைகளில் காத்திருந்த பிறர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.