நேர்காணல் உதவிக்குறிப்பு வீடியோ: தலைப்பும் விளக்கமும்

படிப்பை முடித்து முதல் வேலை தேடுவோருக்காக யூடியூபில் இடப்படும் நேர்காணல் வீடியோக்களில், பார்வையாளர் முதலில் வாசிப்பது தலைப்பு. அதன் கீழே திறந்து பார்ப்பது விளக்கம். யூடியூப் தேடலும் ஒரு வீடியோ எதைப் பற்றியது என்று கணிக்க, அதன் உள்ளடக்கத்தோடு இவ்விரண்டையும் பயன்படுத்துகிறது. ‘டேக்’ எனப்படும் குறிச்சொற்களுக்கு இதில் பங்கு மிகக் குறைவு என்று அந்நிறுவனமே சொல்கிறது.

தலைப்புக்கு 100 குறிகள் வரை இடமுண்டு. தமிழில் இந்தக் கணக்கு எழுத்துக் கணக்கு அல்ல. யூனிகோடில் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘நேர்காணல்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் 9 குறிகளைப் பிடிக்கும். தவிர, கைபேசித் தேடல் பட்டியலில் நீண்ட தலைப்பின் பின்பகுதி வெட்டுப்படும். ஆகவே, தேடுபவருக்கு வேண்டிய சொல் முன்பாதியில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகள் அஞ்சும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: “உங்களுக்கு அரியர் இருந்ததா?” இதற்கு மட்டும் பதில் சொல்லும் பத்து நிமிட வீடியோவுக்கு ‘இது தெரிந்தால் வேலை உறுதி!’ என்று பெயரிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அதில் அரியர் என்ற சொல்லே இல்லை; நிறைவேற்ற முடியாத வாக்குறுதி மட்டும் இருக்கிறது. ‘ஃப்ரெஷர் இன்டர்வியூ: அரியர் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?’ என்பது மேலானது. யாருக்கு, எந்தக் கேள்விக்கு என்ற இரண்டும் அதில் தெரிகின்றன. 30 எழுத்துகள் கொண்ட இத்தலைப்பு, இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் சேர 58 குறிகள் ஆகிறது. மீதமுள்ள இடத்தில் ஆங்கில எழுத்தில் `arrear interview tamil` போன்ற ஒரு தொடரைச் சேர்க்கலாம். தமிழில் பேசும் வீடியோவைத் தேடும்போதும் பலர் ஆங்கில விசைப்பலகையில்தான் தட்டுகிறார்கள். ‘ஃப்ரெஷர்’ என்பதற்குப் பதில் ‘புதிய பட்டதாரி’ என்று எழுதுவது அழகு. ஆனால் அப்படித் தேடுவோர் அரிது. தலைப்பில் ஆண்டைக் குறிப்பதும் எல்லா வீடியோவுக்கும் பொருந்தாது. குறிப்பிட்ட நிறுவனம் குறிப்பிட்ட ஆண்டில் நடத்தும் ஆள்சேர்ப்பு என்றால் அது தேவை. அரியர் கேள்வியோ ஆண்டுதோறும் மாறுவதில்லை.

விளக்கத்துக்கான எல்லை 5,000. யூடியூபின் நிரலாளர் ஆவணம் இதை பைட் அளவாகச் சொல்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் ஆவதால், முழுதும் தமிழில் எழுதினால் சுமார் 1,660 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். அது போதுமானதே. ஆனால் ‘மேலும்’ என்பதைத் தொடாமலே கண்ணில் படுவது தொடக்க வரிகள்தான். பலர் அந்த இடத்தை ‘சப்ஸ்கிரைப் செய்யுங்கள்’ என்ற வேண்டுகோளுக்குக் கொடுத்து வீணாக்குகிறார்கள். மேற்சொன்ன வீடியோவுக்கு, “அரியரை முடித்தவரும் இன்னும் முடிக்காதவரும் எச்.ஆர். சுற்றில் பொய் சொல்லாமல் எப்படிப் பதில் தரலாம் என்பதை மாதிரி உரையாடலுடன் காட்டும் வீடியோ” என்று தொடங்கலாம். அதற்குக் கீழே நேரக்குறிப்புகள் வரும்:

```
0:00 இந்தக் கேள்வி ஏன் வருகிறது
1:10 அரியரை முடித்தவரின் பதில்
4:30 நிலுவை உள்ளவரின் பதில்
7:45 மாதிரி நேர்காணல்
```

இவை அத்தியாயங்களாக மாற, முதல் குறிப்பு 0:00 என்றே இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள் ஏறுவரிசையில் அமைய வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 வினாடிக்குக் குறையக் கூடாது. 0:05 என்று தொடங்கினால் பிரிப்பு தோன்றாது. ஹேஷ்டேக் இரண்டு மூன்று போதும். 60-ஐத் தாண்டினால் அனைத்தையும் யூடியூப் புறக்கணித்துவிடும். வீடியோவுக்குத் தொடர்பில்லாத நிறுவனப் பெயர்களை விளக்கத்தில் அடுக்குவது யூடியூபின் விதிகளுக்கு எதிரானது.

வேலைக்கான இணைப்பு கொடுப்பதாக இருந்தால், நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்துக்கே கொடுக்க வேண்டும். பதிவுக் கட்டணம் என்று பணம் பறிப்போர் இத்தகைய வீடியோக்களின் கருத்துப் பகுதியில் வாட்ஸ்அப் எண்ணோடு காத்திருப்பதால், ‘நாங்கள் யாரிடமும் பணம் கேட்பதில்லை’ என்ற ஒரு வரி விளக்கத்தில் இருப்பது நல்லது.

தலைப்பு சரியா என்பதை யூடியூப் ஸ்டுடியோவின் இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். ஒன்று, திரையில் கண்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் சொடுக்கினார்கள் என்பது. பாதி வீடியோக்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்கிறது யூடியூப். மற்றொன்று, முதல் 30 வினாடிகளுக்குப் பிறகும் எத்தனை பேர் நீடித்தார்கள் என்பது. சொடுக்கு அதிகமாக இருந்தும் அரை நிமிடத்தில் கூட்டம் கலைந்தால், தலைப்பு சொன்னதை வீடியோ தரவில்லை, அல்லது தருவதற்கு முன் நெடிய முன்னுரை ஓடுகிறது. சொடுக்கு குறைவு, வந்தவர்கள் கடைசிவரை இருக்கிறார்கள் என்றால் தலைப்பையோ முகப்புப் படத்தையோ மாற்றிப் பார்க்கலாம். எந்தத் தேடல் சொற்களால் பார்வையாளர்கள் வந்தார்கள் என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். புதிய தலைப்புக்கான சொற்களை அதிலிருந்து எடுப்பதே நேர்வழி. தலைப்பையும் விளக்கத்தையும் எப்போது திருத்தினாலும் வீடியோவின் இணைய முகவரியும் அதுவரை சேர்ந்த பார்வை எண்ணிக்கையும் மாறுவதில்லை.