சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் உள்ள பெண்களுக்கு ஏற்ற கருத்தடை முறை எது?

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் ‘மாலா-என்’ உள்ளிட்ட பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு ஹார்மோன்கள் உள்ளன. இவற்றில் கவனிக்க வேண்டியது ஈஸ்ட்ரோஜன். அது ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்துவதுடன், ரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுகிறது. ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதனால் பக்கவாதம், மாரடைப்பு அபாயம் அதிகரிக்கும்.

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலின்படி, ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்போருக்கு இம்மாத்திரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. 160/100-ஐ எட்டினால் அறவே கூடாது. மருந்தால் அழுத்தம் கட்டுக்குள் இருந்தாலும் எச்சரிக்கை தேவை. ஒரே ஒரு முறை அளந்து முடிவு செய்வதும் சரியல்ல. வேறொரு நாளில் மீண்டும் அளக்க வேண்டும்.

நீரிழிவு மட்டும் இருந்து, கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை பாதிக்கப்படாமலும், நோய் தொடங்கி 20 ஆண்டுகள் ஆகாமலும் இருந்தால் இம்மாத்திரையைப் பெரும்பாலும் பயன்படுத்தலாம். உடல் பருமன் மட்டும் இருந்தாலும் அவ்வாறே. இவை ஒன்றுசேரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

எடுத்துக்காட்டாக, 36 வயதுப் பெண் ஒருவரின் உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ எனக் கொள்வோம். அவரது உடல் நிறை குறியீட்டெண் 32-ஐத் தாண்டுகிறது. 6 ஆண்டுகளாக நீரிழிவு உள்ளது. ரத்த அழுத்தம் இரு முறையும் 148/94. தனித்தனியே பார்த்தால் எதுவும் மிகக் கடுமையானதாகத் தோன்றாது. ஆனால் மூன்றும் சேர்ந்திருப்பதால் இரு ஹார்மோன் மாத்திரை அவருக்கு ஏற்றதல்ல. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை போடப்படும் ‘அந்தரா’ ஊசியிலும் இதே தயக்கம் உண்டு. அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்றாலும், பல இதய நோய் அபாயங்கள் ஒருங்கே உள்ளவர்களுக்கு அது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. எடை கூடுவதும் சிலரிடம் காணப்படுகிறது.

அவருக்கு முதல் தேர்வாக அமைவது ஹார்மோன் இல்லாத காப்பர்-டி. ‘380ஏ’ வகை 10 ஆண்டுகள் வரை பலன் தரும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது தொற்றை உண்டாக்கும் என்ற அச்சம் பரவலாக இருப்பினும், நீரிழிவைக் காரணம் காட்டி அதை மறுக்க வேண்டியதில்லை என்பதே வழிகாட்டுதலின் நிலைப்பாடு. மாதவிடாய்ப் போக்கு அதிகரிக்கலாம் என்பதால், ரத்தசோகை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

‘சாயா’ மாத்திரையிலும் ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதங்கள் வாரம் இரு முறையும், பின்னர் வாரம் ஒரு முறையும் உட்கொள்ள வேண்டும். எனினும், பருமனான பெண்களிடம் அதிகம் காணப்படும் சினைப்பை நீர்க்கட்டி, கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் இருந்தால் அது உகந்ததல்ல. கணவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை செய்துகொண்டால், மனைவியின் நோய்களால் அதற்குத் தடை ஏதுமில்லை. ஆயினும் இவ்வழி அரிதாகவே பேசப்படுகிறது.

மாத்திரை உட்கொண்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நிலையில் கருத்தரிப்பது தாய்க்கும் சிசுவுக்கும் மேலும் ஆபத்தானது. மாற்று முறை தொடங்கும் வரை ஆணுறை பயன்படுத்தலாம். ஆனால் கடும் தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.