எல்லையில் நிற்கும் மதிப்பெண்கள்: நிகழ்வுச் செவ்வகத்தில் பிரிவு மாறும் எண்ணிக்கை

மதிப்பெண் பட்டியலிலிருந்து நிகழ்வுச் செவ்வகம் வரையும்போது 40, 50, 60 போன்ற எண்கள் எந்தப் பிரிவில் சேரும் என்பதற்குப் பள்ளிப் பாடநூல் தெளிவான விடை சொல்கிறது. 30–40, 40–50 என்று எழுதும் விலக்கிய தொடரில் கீழெல்லை பிரிவுக்குள் அடங்கும், மேலெல்லை அடங்காது. ஆகவே 40 வாங்கியவர் 40–50 பிரிவில் சேர்கிறார். இதே பட்டியலைக் கணிப்பொறியில் எக்செலின் `FREQUENCY` சார்பிடம் கொடுத்தால் அவர் 30–40இல் சேர்கிறார். அந்தச் சார்பு தரப்பட்ட ஒவ்வோர் எண்ணையும் மேலெல்லையாகக் கொண்டு, 'முந்தைய எல்லையைவிடப் பெரியது, இந்த எல்லைக்குச் சமம் அல்லது சிறியது' என்ற விதியில் எண்ணுகிறது. ஆர் மொழியின் `hist()` இயல்புநிலையில் இதே விதியைப் பின்பற்றுகிறது. பைத்தானின் `numpy.histogram` பாடநூலின் பக்கம் நிற்கிறது. கடைசிப் பிரிவில் மட்டும் இரண்டு எல்லைகளையும் சேர்த்துக்கொள்கிறது.

இது மரபு வேறுபாடுதான், இரண்டில் எதைப் பின்பற்றினாலும் சொல்லிவிட்டால் போதும் என்பது பொதுவான கருத்து. தொடர்ச்சியான அளவைகளுக்கு அக்கருத்து பெரும்பாலும் சரி. நெல்மணியின் எடையை நுட்பமாக அளந்தால் எடை சரியாக எல்லையில் விழுவது அரிது. மதிப்பெண் அப்படிப்பட்டதன்று. முழு எண்களாக மதிப்பெண் தரும் தாளில், பத்து அகலமுள்ள ஒவ்வொரு பிரிவிலும் பத்து மதிப்புகளே உள்ளன. அவற்றில் ஒன்று எல்லை மதிப்பு. மதிப்பெண்கள் சீராகப் பரவியிருந்தால்கூடப் பத்தில் ஒரு மாணவர் எல்லையில் நிற்கிறார். உண்மையில் அவை சீராகப் பரவுவதும் இல்லை. தேர்ச்சிக்கு ஓரிரு மதிப்பெண் குறையும் தாளைத் திருத்துபவர் மறுபடி புரட்டிப் பார்ப்பார். முதல் வகுப்புக்குச் சற்றுக் குறைவதையும் அப்படியே. ஆகவே தேர்ச்சி எண்ணிலும் வகுப்பு எண்ணிலும் மாணவர்கள் குவிகிறார்கள். அந்த எண்களே பிரிவுகளின் எல்லைகளாகவும் அமைந்துவிடுவதால், எல்லை விதி மாறும்போது பட்டியலின் மிகக் கனமான இடங்கள் இடம்பெயர்கின்றன.

இதன் அளவைக் காண ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். நூறு மதிப்பெண் தாள், தேர்ச்சி 40, முதல் வகுப்பு 60, மாணவர் 50 பேர். பத்தின் மடங்காக மதிப்பெண் பெற்றவர்கள் 14 பேர்: 0, 20, 30, 70, 100 ஆகியவற்றில் ஒவ்வொருவர், 50இல் இருவர், 60இல் மூவர், 40இல் நால்வர். எஞ்சிய 36 பேர் பிரிவுகளின் உட்பகுதியில் இருக்கிறார்கள். எந்த விதியும் அவர்களை அசைக்காது. இரு விதிகளிலும் கிடைக்கும் நிகழ்வெண்கள் இவை. முதல் விதியில் 100ஐக் கடைசிப் பிரிவிலும், இரண்டாம் விதியில் 0வை முதற்பிரிவிலும் சேர்த்திருக்கிறேன்.

| பிரிவு | கீழெல்லை சேர்த்தால் | மேலெல்லை சேர்த்தால் |
|---|---|---|
| 0–10 | 2 | 2 |
| 10–20 | 2 | 3 |
| 20–30 | 4 | 4 |
| 30–40 | 9 | 12 |
| 40–50 | 11 | 9 |
| 50–60 | 8 | 9 |
| 60–70 | 6 | 4 |
| 70–80 | 4 | 3 |
| 80–90 | 2 | 2 |
| 90–100 | 2 | 2 |

முதல் நிரலில் மிக உயர்ந்த செவ்வகம் 40–50 மீது நிற்கிறது. வகுப்பின் பெருந்திரள் தேர்ச்சிக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று படம் சொல்கிறது. இரண்டாம் நிரலில் அது 30–40க்கு நகர்கிறது. பெருந்திரள் தோற்றுவிட்டதாகப் படம் சொல்கிறது. தொகுத்த விவரங்களுக்கான வழக்கமான சூத்திரத்தில் முகடு கணக்கிட்டால் முன்னதில் 44, பின்னதில் ஏறத்தாழ 37.3. படத்திலிருந்து முதல் வகுப்பினரை எண்ணினால் முன்னதில் 14 பேர், பின்னதில் 11 பேர். 60 வாங்கிய மூவரும் முதல் வகுப்பு பெற்றவர்கள். இரண்டாம் படத்தில் அவர்கள் இரண்டாம் வகுப்பினரோடு எண்ணப்படுகிறார்கள். இதைக் கருத்து வேறுபாடு என்று விட முடியாது. தேர்வு விதி 'அறுபதும் அதற்கு மேலும்' என்று வரையறுத்த பிறகு, மேலெல்லை சேர்க்கும் எண்ணிக்கை மதிப்பெண் பட்டியலைப் பொறுத்தவரை பிழை.

இத்தனைக்கும் இரு நிரல்களின் கூட்டுத்தொகையும் 50. நிகழ்வெண் பட்டியலைச் சரிபார்க்க நாம் வழக்கமாகச் செய்யும் ஒரே சோதனை கூட்டிப் பார்ப்பதுதான். அந்தச் சோதனை யாரும் விடுபட்டார்களா என்று கேட்குமே தவிர, யாரும் இடம் மாறினார்களா என்று கேட்பதில்லை. பிழை ஆண்டுக்கணக்கில் அறிக்கைகளில் தங்கிவிட இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

கூட்டுச் சராசரியிலும் இதன் தடம் இருக்கிறது. பிரிவுகளின் மைய மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் முதல் நிரல் 48.8 தருகிறது, இரண்டாவது 46.4. வேறுபாடு 2.4. அது எங்கிருந்து வருகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம்: 10 முதல் 90 வரையுள்ள எல்லைகளில் நிற்பவர்கள் 12 பேர், ஒவ்வொருவரும் ஒரு பிரிவு, அதாவது 10 மதிப்பெண், கீழே தள்ளப்படுகிறார், 120ஐ 50ஆல் வகுத்தால் 2.4. பொதுவாகச் சொன்னால், எல்லையில் நிற்போரின் விகிதத்தைப் பிரிவின் அகலத்தால் பெருக்கினால் சராசரியின் விலகல் கிடைத்துவிடும். சீரான பரவலில் இது ஒரு மதிப்பெண்ணாக இருந்திருக்கும். 40இலும் 60இலும் உள்ள குவிப்பு அதை இரட்டிப்புக்கும் மேலாக்கியிருக்கிறது.

இந்த இரண்டில் எந்தச் சராசரி சரி? இரண்டுமே சாய்ந்தவை என்பதே என் விடை. கீழெல்லை சேர்க்கும் விதியில் 40–50 பிரிவில் இருக்கக்கூடிய முழு எண்கள் 40 முதல் 49 வரை. அவற்றின் நடு 44.5. நாம் 45 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அரை மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறோம். மேலெல்லை விதியில் அப்பிரிவில் இருப்பவை 41 முதல் 50 வரை, நடு 45.5, நாமோ அரை மதிப்பெண் குறைக்கிறோம். தொடர்ச்சியற்ற எண்களைத் தொடர்ச்சியான கோட்டின்மேல் வைத்து, எண்கள் விழும் இடத்திலேயே கோட்டை வெட்டுவதால் வரும் குறை இது. மரபை மாற்றுவதால் இது நீங்காது.

பழைய புள்ளியியல் நடைமுறைகளில் ஒன்று, எல்லையில் நிற்பவரை இரு பிரிவுகளுக்கும் பாதி பாதியாகப் பகிர்வது. நம் எடுத்துக்காட்டில் அது சராசரியை 47.6 என்று நடுவில் நிறுத்தும். நீள அகலங்களை அளப்பவர்களுக்கு அதில் நியாயம் உண்டு: 40 என்று பதிவான அளவு உண்மையில் 40க்குச் சற்றுக் கீழோ மேலோ இருந்திருக்கலாம். தாளில் 40 என்று எழுதிய மதிப்பெண் 40தான். தேர்ச்சி பெற்ற நால்வரில் இருவரைத் தோற்றோர் பக்கம் எண்ணுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தீர்வு நம் பாடநூலிலேயே இருக்கிறது, ஆனால் தவறான கட்டத்தில் கற்பிக்கப்படுகிறது. 0–9, 10–19 என்ற உள்ளடக்கிய தொடரைச் செவ்வகமாக வரைவதற்கு முன் திருத்தக் காரணி 0.5ஐக் கழித்தும் கூட்டியும் 9.5, 19.5 என்று எல்லைகளை மாற்றச் சொல்கிறோம். செவ்வகங்களுக்கிடையே வெற்றிடம் வராமல் இருப்பதற்கான வரைகலைச் சடங்காகவே மாணவர் அதைப் புரிந்துகொள்கிறார். அதன் உண்மைப் பயன் எண்ணும்போதுதான். 39.5 என்பது முழு மதிப்பெண் தாளில் எவரும் வாங்க முடியாத எண். எல்லையை அங்கே வைத்துவிட்டால், எல்லையில் நிற்பவர் என்று ஒருவரும் இல்லை; கீழெல்லையா மேலெல்லையா என்ற கேள்வியே எழாது. எக்செலுக்கும் ஆருக்கும் பைத்தானுக்கும் அப்போது ஒரே விடைதான் வரும். அரை மதிப்பெண் தரும் தாளாக இருந்தால் எல்லை 39.75, அதாவது, தரக்கூடிய மிகச் சிறிய கூறில் பாதியை எல்லையிலிருந்து குறைக்க வேண்டும். பைத்தானில் முழு மதிப்பெண்ணுக்கு இப்படி எழுதலாம்:

```python
edges = [-0.5, 9.5, 19.5, 29.5, 39.5, 49.5,
         59.5, 69.5, 79.5, 89.5, 100.5]
counts, _ = np.histogram(marks, bins=edges)
```

இது நம் முதல் நிரலையே தருகிறது, ஆனால் மைய மதிப்புகள் 4.5, 14.5 என்று சரியாக அமைகின்றன, சராசரி 48.32 ஆகிறது. எல்லாச் சாய்வும் இதனால் போய்விடாது. 40–49 பிரிவின் 11 பேரில் நால்வர் 40இலேயே இருப்பதால் அப்பிரிவின் உண்மை நடு 44.5க்கும் கீழே இருக்கும். குவிப்பை எல்லை மாற்றத்தால் கரைக்க முடியாது. மூல மதிப்பெண்கள் கையில் இருக்கும்போது சராசரியை அவற்றிலிருந்தே எடுப்பதுதான் முறை.

இந்த வழிக்கு ஒரு மறுப்பு உண்டு: 59.5 என்று அச்சில் எழுதினால் வாசிப்பவர் குழம்புவார் என்பது. அச்சில் அதை எழுத வேண்டியதில்லை. செவ்வகத்தின் அடியில் 50–59 என்று பிரிவின் பெயரை எழுதினால் போதும். எக்செலின் உள்ளமைந்த நிகழ்வுச் செவ்வக வரைபடம் `(50, 60]` என்று அடைப்புக்குறி வேறுபாட்டோடு பெயரிடுவதைக் கவனித்திருக்கலாம். அந்தச் சதுர அடைப்பு 60 உள்ளே இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்கிறது. அறிக்கைக்குள் ஒட்டும்போது அதை 50–60 என்று 'திருத்தி' எழுதுகையில் அந்தத் தகவல் அழிந்துவிடுகிறது.

மரபு சரியாக இருந்தும் எண்ணிக்கை தவறும் இடம் இன்னொன்று உண்டு. ஐம்பதுக்கு வாங்கிய மதிப்பெண்ணை 0 முதல் 1 வரையிலான விகிதமாக மாற்றி, `np.arange(0, 1.1, 0.1)` என்று எல்லைகளை உருவாக்கும் வழக்கம் இருக்கிறது. இருமக் கணிப்பில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாததால், அதன் ஆறு மடங்கு 0.6000000000000001 என்று அமைகிறது. ஐம்பதுக்கு 30 வாங்கியவரின் 0.6 அதைவிடச் சிறியது. ஆகவே கீழெல்லையைச் சேர்க்கும் நம்பை நூலகத்திலும் அவர் 0.5–0.6இல் விழுகிறார். 0.3, 0.7 ஆகியவற்றுக்கும் இதே கதி, 0.4, 0.5, 0.8க்கு இல்லை. சில எல்லைகளில் மட்டும் பிழை நேர்வதால் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆரின் `hist()` எல்லைகளை மிகச் சிறிதளவு நகர்த்திவிட்டு எண்ணி இதைத் தவிர்க்கிறது. விகிதமாக மாற்றாமல் ஐம்பதுக்கான முழு எண்ணையே வைத்து எண்ணுவது அதைவிட எளிது.

எந்த மென்பொருள் எந்த விதியில் எண்ணுகிறது என்பதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, கேட்டுவிடலாம். எல்லை எண்களை மட்டுமே கொண்ட 0, 10, 20 … 100 என்ற பதினோரு மதிப்புகளைப் பட்டியலாகக் கொடுத்து, 0, 10, 20 … 100 என்ற எல்லைகளோடு எண்ண வைக்க வேண்டும்; மேலெல்லைகளை மட்டுமே கேட்கும் `FREQUENCY` சார்புக்கு 0வை விட்டு 10 முதல் கொடுக்க வேண்டும். கடைசிப் பிரிவில் 2, மற்றவற்றில் 1 வந்தால் கீழெல்லை விதி. முதற்பிரிவில் 2 வந்தால் மேலெல்லை விதி. பாண்டாஸின் `pandas.cut` இயல்புநிலையில் மேலெல்லை விதியைப் பின்பற்றினாலும் முதற்பிரிவின் கீழெல்லையைச் சேர்ப்பதில்லை. அங்கே எல்லாப் பிரிவிலும் 1 வந்து கூட்டுத்தொகை 10 ஆகும். சுழியம் வாங்கிய மாணவர் பட்டியலிலிருந்தே காணாமல் போயிருப்பார்.

இந்தச் சோதனையில் எப்போதும் ஏதோ ஓர் ஓரப்பிரிவு இடறுவதற்குக் காரணம் உண்டு. 0 முதல் 100 வரை 101 மதிப்பெண்கள். அவற்றைப் பத்து சமப் பிரிவுகளாக்க முடியாது. ஏதோ ஒரு பிரிவு பதினொன்றைச் சுமக்கத்தான் வேண்டும். மேலே கொடுத்த எல்லைகளில் அது கடைசிப் பிரிவு: 89.5 முதல் 100.5 வரை, அகலம் 11. நிகழ்வுச் செவ்வகத்தில் பரப்புதான் நிகழ்வெண்ணைக் குறிக்கிறது என்பதால், அந்த ஒரு பிரிவின் நிகழ்வெண்ணை மட்டும் 11ஆல் வகுத்து உயரமாக வரைய வேண்டும், மற்றவற்றைப் பத்தால்.