ஒலிப்பாடமும் நினைவட்டையும்: மின்ரயிலில் ஒரு ஒப்பீடு

செங்கல்பட்டில் ஏறி எழும்பூரில் இறங்குகிறவருக்கு மின்ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போகிறது. ஜெர்மனியில் வேலைக்குப் போக நினைக்கும் செவிலியர் ஒருவர் அந்த நேரத்தில் ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 தேர்வுக்குப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காதில் கேட்கும் பாடமா, கைபேசியில் புரட்டும் நினைவட்டையா? எது அவருக்கு உதவும்?

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். கற்ற சொல் மறக்கப்போகும் நேரத்தில் அதை மறுபடி கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்ட வேண்டும். பால் பிம்ஸ்லர் 1967-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இடைவெளி 5 விநாடியில் தொடங்குகிறது. 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று நீண்டு மாதக்கணக்கில் போகிறது. அவர் பெயரில் இன்றும் வரும் அரைமணி நேர ஒலிப்பாடங்களின் அடிப்படை இதுவே. ஜெர்மன் இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் இதையே அட்டைப்பெட்டி அறைகளாக அமைத்தார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். ‘அங்கி’ போன்ற செயலிகளும் இதே அடிப்படையில் இயங்குபவை.

வித்தியாசம், இடைவெளியை யார் முடிவு செய்கிறார் என்பதில் இருக்கிறது. ஒலிப்பாடத்தில் அதைப் பதிவு செய்தவர் முன்பே முடிவு செய்துவிட்டார். நீங்கள் தடுமாறினாலும் பாடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அட்டையில் உங்கள் பதிலே அதை முடிவு செய்கிறது.

‘கதவு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனில் அது ‘டீ டூர்’. முன்னால் வரும் ‘டீ’ அந்தச் சொல்லின் பாலைக் காட்டுகிறது. அது ‘டேர்’ ஆகவோ ‘தாஸ்’ ஆகவோ மாறினால் பிழை. பேச்சில் இந்தச் சிறுசொல் அழுத்தமில்லாமல் நழுவிப்போகும். தண்டவாளச் சத்தத்தில் சுத்தமாகக் கேட்காது. பதினைந்தையும் ஐம்பதையும் ஜெர்மனில் பிரிப்பது கடைசி அசை மட்டுமே. அதுவும் இரைச்சலில் போய்விடும். இங்கே அட்டைதான் கைகொடுக்கும். ஒரு பக்கம் ‘கதவு’, மறுபக்கம் ‘டீ’யும் சேர்த்து முழுச்சொல். ‘டேர் டூர்’ என்று மனத்தில் வந்திருந்தால் அது தவறுதான். செயலியில் Again அழுத்த வேண்டும். பலர் பாதி சரி என்று Hard அழுத்துகிறார்கள். அங்கியில் Hard என்பது தேர்ச்சிக் கணக்கு. பிழையோடு அந்தச் சொல் அடுத்த இடைவெளிக்குப் போய்விடும்.

ஆனால் அட்டை வாயைப் பழக்காது. ‘கதவைத் திறக்கட்டுமா?’ என்று நோயாளியிடம் கேட்கும் வாக்கியம் தானாக வர ஒலிப்பாடமே வேண்டும். அதன் உயிர், கேள்விக்கும் விடைக்கும் நடுவே விடும் மௌனம். அந்த மௌனத்துக்குள் உதட்டசைவிலாவது விடை வந்துவிட வேண்டும். பதிவுக்குரல் சொன்ன பிறகே ‘அட, தெரியுமே’ என்று தொடர்ந்து தோன்றினால், நீங்கள் வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுநாளும் அதே பாடத்தைப் போடுங்கள்.

எதை எப்போது என்பதை ரயில் பெட்டியே சொல்லிவிடும். காலையில் புறப்படும் நிலையத்தில் ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும், கை ஓய்வாக இருக்கும்: அட்டை. மாலையில் எழும்பூரில் ஏறினால் தாம்பரம்வரை நின்றுதான் போக வேண்டியிருக்கும். ஒரு கை கம்பியில்: ஒலிப்பாடம். மாலையில் கேட்டுத் தடுமாறிய சொற்களை வீட்டில் அட்டையாக்கினால், தூங்கி எழுந்த பின் காலை ரயிலில் அவை சோதனைக்கு வரும். இந்த வரிசை தலைகீழானால் இவ்வளவு பயனில்லை.

காலையில் நுங்கம்பாக்கம் வந்ததும் கைபேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். எழும்பூர் வரும்வரை, அன்று படித்ததில் எது நினைவில் நிற்கிறது என்று எதையும் பார்க்காமல் சொல்லிப் பார்க்கலாம். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள்.

விடுப்பு நாட்களில் இரண்டும் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ஒலிப்பாடம் விட்ட இடத்திலேயே காத்திருக்கும், அட்டைகள் குவியும். தினம் 20 புது அட்டை சேர்த்தால், நாளடைவில் மறுபார்வைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 வரும். அட்டைக்கு 8 விநாடி என்றாலும் சுமார் 27 நிமிடம். இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் பயணத்தின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். இரவுப் பணி மாறிமாறி வரும் செவிலியருக்கு 8 புது அட்டையே போதும்.

உட்கார இடமே கிடைக்காத வழித்தடமென்றால் அட்டையை வீட்டில் வைத்துக்கொண்டு, ரயிலில் ஒலிப்பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி.